807-ஆம் அறைக் கதவின் உள்பக்கம்

இரவு ஏழு மணி இருக்கும். தங்கை மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு போட்டோ வந்தன. கொரியாவில் அப்போது பத்தரை. ஸ்ரீபெரும்புதூரில் அவன் வேலை பார்க்கும் கார் உதிரிபாகக் கம்பெனி அவனை ஆறு வாரப் பயிற்சிக்கு உல்சான் நகரத்துக்கு அனுப்பியிருந்தது. அவனுக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். போட்டோக்களின் கீழே இப்படி எழுதியிருந்தான்: "மாமா, இது ஃபயர் எக்ஸிட் பிளான்னு தெரியுது. எழுத்து ஒண்ணும் புரியல. இங்கிலீஷ்ல ரெண்டு மூணு வார்த்தை இருக்கு, அதுவும் விளங்கல. பாத்துச் சொல்லுங்க."

நான் தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர். பதினான்கு மாதம் அதே உல்சானில் வேலை பார்த்திருக்கிறேன். கொரிய எழுத்தைத் தட்டுத் தடுமாறிப் படித்துவிடுவேன். அதனால்தான் என்னிடம் கேட்டான். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். அதில் நான் சொன்ன ஒரு திசை தப்பாகப் போயிற்று. அந்தத் தப்பால்தான் இதை எழுதுகிறேன். வரைபடத்தை போட்டோவில் பார்த்து இன்னொருவருக்குச் சொல்லும் எவருக்கும் அது நேரலாம்.

முதல் போட்டோ, அவன் தங்கியிருந்த ஹோட்டல் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த வரைபடம். எட்டாவது தளத்தின் முழு அமைப்பும் அதில் இருந்தது. நடுவில் நீளமாக ஒரு காரிடார், அதன் இரண்டு பக்கமும் அறைகள். மேல்வரிசையில் ஒற்றைப்படை எண்கள்: இடது ஓரத்தில் 801 தொடங்கி வலது ஓரத்தில் 813 வரை. கீழ்வரிசையில் இரட்டைப்படை. 807-க்குள் ஒரு சிவப்புப் புள்ளி. அதன் பக்கத்தில் 'ஹ்யோன்விச்சி' என்று கொரிய எழுத்தில் போட்டிருந்தது. 'இப்போது நீங்கள் இருக்கும் இடம்' என்று பொருள். புள்ளியிலிருந்து ஒரு தடித்த பச்சை அம்புக்குறி அறைக்கு வெளியே வந்து, காரிடாரில் இடது பக்கம் திரும்பி, 801-ஐ ஒட்டியுள்ள படிக்கட்டுக்குப் போனது. லிஃப்டும் அங்கேதான், அதன்மேல் பெருக்கல் குறி. இன்னொரு அம்புக்குறி, இது விட்டு விட்டு வரைந்தது, எதிர்ப்பக்கமாக 813-ஐத் தாண்டி காரிடார் முடிவிலுள்ள இரண்டாவது படிக்கட்டுக்குப் போனது. தடித்த கோடு முதல் வழி, விட்டு விட்டு வரைந்த கோடு மாற்று வழி.

மற்ற சின்னங்கள் சுலபம். சிவப்பு உருளை போல இருந்தது தீயணைப்பான், அவர்கள் 'சொஹ்வாகி' என்பார்கள். சிவப்புச் சதுரம் சுவரில் பதித்த தண்ணீர்க் குழாய்ப் பெட்டி, 'சொஹ்வாஜோன்'. அந்தப் பெட்டியைத் தெரிந்துகொள்ள வேண்டியது தண்ணீர் பீய்ச்சுவதற்காக அல்ல. பெரும்பாலும் அதன் மேல்பகுதியில்தான் அலாரம் பொத்தானும், எப்போதும் எரியும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கும் இருக்கும். நெருப்பை முதலில் பார்ப்பவர் அழுத்த வேண்டிய பொத்தான் அது.

சரி, இவ்வளவையும் சொல்லிவிட்டு, "இப்ப சாவியை எடுத்துக்கிட்டு வெளியே போ. இடது பக்கம் திரும்பு. மூணு கதவைத் தாண்டினா நாலாவது கதவு படிக்கட்டு. போய்ப் பாத்துட்டு வா" என்றேன். போனைக் காதில் வைத்துக்கொண்டே போனான். ஒரு நிமிஷத்தில், "கரெக்டா இருக்கு மாமா. மூணு கதவு, நாலாவது இரும்புக் கதவு, மேல பச்சை போர்டு. ஆனா உள்ள போக முடியல. பெட்ஷீட் மூட்டையா அடுக்கி வெச்சிருக்காங்க" என்றான்.

மூட்டை விஷயம் கோபம் வரவழைத்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறு ஒன்று உறுத்தியது. லிஃப்டைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. வரைபடப்படி லிஃப்ட் அந்தப் படிக்கட்டுக்கு ஒட்டி இருக்க வேண்டும்.

"எந்தெந்த நம்பர் ரூமைத் தாண்டிப் போன?"

"809, 811, 813."

அவன் எதிர்ப்பக்கம் போயிருந்தான். நான்தான் அனுப்பியிருந்தேன். தற்செயலாக 807 வரிசையின் நட்டநடுவில் இருந்ததால், இந்தப் பக்கமும் மூன்று கதவு, அந்தப் பக்கமும் மூன்று கதவு. எண்ணிக்கை சரியாக வந்ததால் இருவருமே சரியான இடம்தான் என்று நம்பிவிட்டோம். அறை எண்ணைக் கேட்டிருக்காவிட்டால், முதல் வழி என்று நினைத்து அடைபட்ட மாற்று வழியை மனசில் பதிய வைத்துக்கொண்டு அவன் தூங்கியிருப்பான்.

காரிடார் புள்ளிக்கு மேலேயா, கீழேயா?

எங்கே தவறினோம் என்று அன்று இரவே உட்கார்ந்து பார்த்தேன். விஷயம் எளிது.

வரைபடம் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அதைப் படிப்பவர் கதவைப் பார்த்து நிற்கிறார். கதவுக்கு அப்பால், அதாவது அவர் முகத்துக்கு நேரே இருப்பது காரிடார். எனவே வரைபடம் அவர் நிற்கும் விதத்தோடு பொருந்த வேண்டுமானால், காரிடார் சிவப்புப் புள்ளிக்கு மேல்பக்கம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் படத்தின் இடது அவருடைய இடது, படத்தின் வலது அவருடைய வலது.

807 மேல்வரிசை அறை. அதற்குக் காரிடார் கீழே இருந்தது. ஹோட்டல்காரர்கள் ஒரே படத்தை அச்சடித்து, சிவப்புப் புள்ளியை மட்டும் மாற்றி, எல்லா அறையிலும் ஒட்டிவிட்டார்கள். எதிர்வரிசையில் இருக்கும் 808-க்காரருக்கு அந்தப் படம் சரியாகப் பொருந்தும். 807-க்காரர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால்தான் இடது வலது சரியாக வரும். படம் கதவோடு ஒட்டியிருக்கும்போது யார் திருப்புவது? போனில் இருக்கும் போட்டோவைத் திருப்பலாம். எனக்கு அது அப்போது தோன்றவில்லை.

இப்படிப் பொருந்தாத படங்களை நிறைய இடங்களில் பார்த்திருக்கிறேன். நன்றாகச் செய்யும் இடங்களில் ஒவ்வொரு வரிசைக்கும் படத்தைத் திருப்பித் தனியாக அச்சடிப்பார்கள். ஆனால் விருந்தினர் அதை நம்பி இருக்க முடியாது. காரிடார் புள்ளிக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கீழே என்றால் போட்டோ எடுத்துத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் இருந்தால் அதுவும் காரிடார் மேலே வரும்வரை திருப்ப வேண்டியதுதான்.

தொலைவிலிருந்து சொல்பவருக்கு இன்னும் ஒன்று சொல்வேன். இடது, வலது என்ற சொற்களையே தொடக்கூடாது. "805 பக்கமாகப் போ, 803, 801 தாண்டு, அடுத்தது படிக்கட்டு" என்று எண்ணைச் சொன்னால் தவறு நேர வழியில்லை. எண் கதவில் எழுதியிருக்கிறது, அது யார் எப்படி நின்றாலும் மாறாது.

மறுபடியும் அனுப்பினேன். இந்தத் தடவை 805 பக்கமாக. அறையை விட்டு வெளியே வந்ததும் வலது பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. "லிஃப்ட் இருக்கு மாமா. பக்கத்துல படிக்கட்டு இருக்கு" என்றான். திரும்பி அறைக்கு வரச் சொல்லி, மூன்றாவது தடவையும் நடக்கச் சொன்னேன். இப்போது வலது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு. வலது பக்கம் திரும்பி நடப்பதால் அவனுடைய அறையின் சுவர் வலது கைப்பக்கம் இருக்கும். விரல் கதவுச் சட்டத்தில் தட்டும் ஒவ்வொரு தடவையும் ஒன்று என்று எண்ண வேண்டும். 805, 803, 801. அப்புறம் சுவரில் பதித்த தண்ணீர்க் குழாய்ப் பெட்டியின் தகரம் தட்டுப்பட்டது. "இதையும் கதவுன்னு நெனச்சிட்டேன் மாமா, வழவழன்னு சில்லுன்னு இருக்கு" என்றான். அது வரைபடத்தில் படிக்கட்டுக்கு முன்னால் இருக்கும் சிவப்புச் சதுரம். எனவே கணக்கு மூன்று கதவு, ஒரு தகரப் பெட்டி, அப்புறம் படிக்கட்டின் இரும்புக் கதவு. அறைக் கதவு மரம், அது தொட்டால் சில்லென்று இருக்காது. படிக்கட்டுக் கதவு தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். புகை நிறைந்தால் காரிடாரில் விளக்கு எரிந்தாலும் முழங்கைக்கு அப்பால் தெரியாது. கைக்குத் தெரிவதுதான் அப்போது உதவும்.

பச்சைப் பலகை இரண்டு விதம்

நடந்து வந்தபோது அவன் கேட்ட ஒரு கேள்வி நல்ல கேள்வி. "சில போர்டு பச்சையா இருக்கு, சிலது வெள்ளையா இருக்கு. ரெண்டுலயும் ஆள் ஓடுறான். எது எக்ஸிட்?"

கொரியாவிலும் ஜப்பானிலும் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பச்சைப் பின்னணியில் வெள்ளை உருவம் இருந்தால் அதன் கீழே இருப்பதுதான் வாசல். வெள்ளைப் பின்னணியில் பச்சை அம்புக்குறி இருந்தால் அது வழிகாட்டி மட்டும். வாசல் இன்னும் தள்ளி இருக்கிறது, அம்பு காட்டும் பக்கம் போ என்று அர்த்தம். வழிகாட்டிப் பலகையில் பல, சுவரின் அடிப்பகுதியில், முழங்காலுக்குக் கீழே இருக்கும். புகை மேலே ஏறும் என்பதால் தவழ்ந்து வருபவர் கண்ணுக்குப் படும்படி வைத்தது. இதைத் தெரியாமல் வெள்ளைப் பலகையின் கீழேயே நின்று கதவைத் தேடுபவர்கள் உண்டு.

முதல் படிக்கட்டின் கதவு எப்படி இருந்தது என்று கேட்டேன். திறந்தே இருந்ததாம். ஒரு தீயணைப்பானை எடுத்து முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். படிக்கட்டுக் கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவு. அது மூடியிருந்தால்தான் படிக்கட்டுக்குள் புகை நுழையாது. திறந்து வைத்தால் படிக்கட்டே புகைபோக்கி ஆகிவிடும். கீழ்த்தளத்துப் புகை நேரே எட்டாவது தளத்துக்கு ஏறும். தீயணைப்பானை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டுக் கதவை விடச் சொன்னேன். டப் என்று மூடிக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. கதவில் குறை இல்லை, முட்டுக் கொடுத்ததுதான் குறை.

இரண்டாவது படிக்கட்டில் அடைத்திருந்த மூட்டைகளைப் பற்றி ரிசப்ஷனில் சொல்லச் சொன்னேன். கொரியாவில் 2017 டிசம்பரில் ஜெச்சோன் என்ற ஊரில் ஓர் உடற்பயிற்சிக் கட்டடம் எரிந்து 29 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களுக்கான குளியல் தளத்தில் இருந்தவர்கள். அங்கே அவசர வாசல் இருந்தது, ஆனால் பொருள் வைக்கும் அலமாரிகள் அதை மறைத்திருந்தன. அந்த ஊர்ப் பேரைச் சொன்னால் கொரியாவில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ரிசப்ஷனில் இருந்த இளைஞர் உடனே மேலே வந்து மூட்டைகளை எடுத்ததாக மருமகன் சொன்னான். மறுநாள் மாலை இரண்டு மூட்டை மறுபடி அங்கே வந்திருந்தது.

அறிவிப்பும் 'லைஃப் லைனும்'

இரண்டாவது போட்டோ, வரைபடத்தின் கீழே இருந்த அறிவிப்பு. ஆறு வரி. கொரிய மொழியில் நான் படித்ததைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதல் வரி: தீயைக் கண்டால் 'புரியா!' என்று கத்தி, அலாரத்தை அழுத்தவும். கொரிய மொழியில் 'புல்' என்றால் நெருப்பு. 'புரியா' என்றால் 'நெருப்பு!' என்று கூவுவது. நம் 'புரியுதா'வில் பாதி என்று சொன்னேன், உடனே மனசில் ஒட்டிக்கொண்டது. தானே கத்துவதற்கு மட்டும் அல்ல. நள்ளிரவில் காரிடாரில் யாராவது இந்தச் சொல்லைக் கத்தினால் ஏதோ சண்டை என்று திரும்பிப் படுக்காமல் இருக்கவும் தெரிந்திருக்க வேண்டிய சொல் அது.

இரண்டாவது வரி லிஃப்டைப் பயன்படுத்தாதே என்பது. மூன்றாவது, ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக் குனிந்து செல். இதில் ஒரு எச்சரிக்கை சொன்னேன். ஈரத்துணி கரித்தூளைக் கொஞ்சம் தடுக்கும், தொண்டை எரிச்சலைக் குறைக்கும். ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடை அது தடுக்காது. எனவே துண்டை நனைத்துக்கொண்டு புகைக்குள் நுழையலாம் என்று நினைக்கக் கூடாது. புகை லேசாக இருக்கும்போது சீக்கிரம் தாண்ட மட்டுமே அது.

நான்காவது: கதவைத் திறக்கும் முன் கைப்பிடி சுடுகிறதா என்று பார். புறங்கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஐந்தாவது: கீழே இறங்க முடியாவிட்டால் கூரைக்குப் போ. இந்த வரியைப் படித்ததும் மொட்டைமாடிக் கதவு திறக்குமா என்று ரிசப்ஷனில் கேட்டு வை என்றேன். 1971 கிறிஸ்துமஸ் அன்று சியோலில் தேயோங்காக் ஹோட்டலில் தீப்பிடித்து 160-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கீழ்த்தளத்துக் காபிக் கடையில் எரிவாயு வெடித்துத் தொடங்கிய தீ. மேலே ஓடியவர்களுக்கு மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது. இப்போது பல கட்டடங்களில் அலாரம் அடித்தால் தானாகத் திறக்கும் பூட்டு இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. இந்த ஹோட்டலில் அப்படிப்பட்ட பூட்டு இருப்பதாக ரிசப்ஷனில் சொன்னார்கள்.

ஆறாவது வரி 119. தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் அங்கே இதுதான். போலீஸ் 112. 119-இல் ஆங்கிலம் பேசினால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். சொல்ல வேண்டியது மூன்று: தீ, ஹோட்டலின் பெயர், அறை எண். தளத்தைச் சொல்லும்போதுதான் நம்மவர்கள் குழம்புவார்கள். நமக்குத் தரைத்தளம், அதற்கு மேல் முதல் தளம். கொரியாவில் தரைத்தளமே ஒன்றாவது தளம். அவர்களுடைய எட்டாவது, நம் கணக்கில் ஏழாவது. "ஏழாவது மாடியில் இருக்கிறேன்" என்று வாய் தவறிச் சொன்னால் ஏணி ஒரு தளம் கீழே வரும். எனவே அறை எண்ணை மட்டும் இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொன்னேன்: எட்டு, பூஜ்யம், ஏழு.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போது அவன், "மாமா, டிசெண்டிங் லைஃப் லைன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கே, அது ஹெல்ப்லைன் மாதிரியா? நம்பர் எதுவும் இல்லையே" என்றான்.

அந்த நேரத்தில் எனக்குப் பகீர் என்றது. அந்த அறையில் அவனைக் காப்பாற்றக்கூடிய கடைசிப் பொருளே அதுதான். அவன் அதைப் போன் நம்பர் என்று நினைத்திருந்தான். வரைபடத்திலும் 807-க்குள், ஜன்னலை ஒட்டி, கயிற்றில் தொங்கும் ஆள் போல ஒரு சின்னம் இருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

ஜன்னல் ஓரத்துப் பெட்டி

கொரிய மொழியில் அதன் பேர் 'வான்காங்கி'. மெதுவாக இறக்கும் கருவி. மூன்றாவது தளத்திலிருந்து பத்தாவது தளம் வரை உள்ள தங்கும் அறைகளில் இது இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அறைகளில் வைப்பது பெரும்பாலும் 'கானி வான்காங்கி' என்ற எளிய வகை. அதை ஒரு தடவை ஒருவர் மட்டுமே பயன்படுத்தலாம், அதனால்தான் அறைக்கு இரண்டு வைக்கச் சொல்கிறார்கள். பெரிய வகையில் கயிற்றின் இரு நுனியிலும் பட்டை இருக்கும். ஒருவர் இறங்கும்போது மறுநுனி மேலே ஏறி வரும், அடுத்தவர் மாட்டிக்கொள்ளலாம்.

வீடியோ காலில் வரச் சொல்லி, ஜன்னல் ஓரத்தில் தேடச் சொன்னேன். திரைச்சீலைக்குப் பின்னால், தரையில், ஷூ பெட்டி அளவில் இரண்டு பெட்டி. ஜன்னலின் பக்கத்துச் சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய ஓர் இரும்புக் கை, மடங்கிய நிலையில். பெட்டியை மட்டும் திறந்து, எதையும் மாட்டாமல் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னேன். திருகி இறுக்கும் வளையம் கொண்ட கொக்கி, உள்ளங்கை அளவு வட்டமான வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, சுற்றி வைத்த கயிறு, மார்புப் பட்டை. எல்லாம் இருந்தன. பெட்டியின் மேல் எந்தத் தளத்துக்கானது என்று எட்டு எழுதியிருந்தது. இதைப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கயிறு தளத்துக்கு ஏற்ற நீளத்தில் வரும். வேறு தளத்துப் பெட்டியை மாற்றி வைத்துவிட்டால் கயிறு தரைக்கு எட்டாது.

பயன்படுத்தும் முறை இது. இரும்புக் கையை விரித்து ஜன்னலுக்கு வெளியே நீட்ட வேண்டும். கொக்கியை அதன் வளையத்தில் மாட்டி, திருகை முழுக்க இறுக்க வேண்டும். கீழே ஆள் இல்லை என்று பார்த்துக் கயிற்றுச் சுருளை வெளியே போட வேண்டும். பட்டையைத் தலை வழியாக மாட்டி, இரண்டு அக்குளுக்கும் கீழே கொண்டுவந்து, நழுவும் வளையத்தை மார்போடு அழுத்தி இறுக்க வேண்டும். அப்புறம் கால் முதலில், முகம் சுவரைப் பார்த்தபடி வெளியேற வேண்டும். இறங்கும்போது கை இரண்டையும் சுவரில் மெல்லத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கவே கூடாது. தூக்கினால் பட்டை அக்குளில் தங்காமல் உருவிக்கொண்டு வந்துவிடும். பயத்தில் கை தானாகவே மேலே போய்க் கயிற்றைப் பிடிக்கும், அதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

சியோலில் குவாங்நாரு பாதுகாப்பு அனுபவ மையத்தில் நான் இதை ஒரு தடவை இறங்கிப் பழகினேன். ஜன்னல் விளிம்பை விட்டதும் உடம்பு ஒரு முழம் சட்டென்று கீழே போனது, வயிறு கவ்வியது. அடுத்த நொடி கருவி பிடித்துக்கொண்டது. அதன்பின் கிணற்றில் வாளி இறங்குவதுபோல ஒரே சீராக இறங்கியது. அந்த முதல் நொடியைச் சொல்லாமல் விட்டால் இறங்குபவர் பயந்து கையைத் தூக்கிவிடுவார். அதனால் அவனிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஹோட்டல் அறையில் பழகிப் பார்க்காதே என்றும் கண்டிப்பாகச் சொன்னேன். பழக்கம் மையத்தில்தான் வேண்டும், கீழே மெத்தையும் பக்கத்தில் பயிற்சியாளரும் இருக்கும்போது.

ஜன்னல் முழுசாகத் திறக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். குறைந்தது அரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் திறக்க வேண்டும். திறந்தது. இரும்புக் கையை ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை.

எந்த நிலையில் எதைச் செய்வது என்பதில் அவனுக்குக் குழப்பம் வந்தது. அதையும் தெளிவாக்கினோம். கதவு சுடவில்லை, காரிடாரில் புகை இல்லை என்றால் படிக்கட்டு. கதவு சுட்டாலோ, திறந்ததும் புகை அடித்தாலோ கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே இருப்பது. துண்டுகளை நனைத்துக் கதவடியில் திணித்து, 119-ஐக் கூப்பிட்டு, ஜன்னலில் தெரியும்படி நிற்பது. சாத்திய கதவு நிறைய நேரம் வாங்கிக் கொடுக்கும். அறைக்குள்ளேயே புகை ஏறி, ஏணியும் வரவில்லை என்றால்தான் அந்தப் பெட்டி.

2024 ஆகஸ்ட் 22 அன்று பூச்சோன் நகரில் ஒரு ஒன்பது மாடி ஹோட்டல் எரிந்ததை அவனுக்குச் சொன்னேன், மறைக்கவில்லை. 810-ஆம் அறையில் தொடங்கிய தீ. அந்த அறைக் கதவு திறந்தே விடப்பட்டிருந்தது, புகை அந்தக் கதவு வழியாகத்தான் காரிடாரை நிறைத்தது. தண்ணீர் தெளிப்பான்கள் இல்லை. ஏழு பேர் இறந்தார்கள். அதில் இருவர் கீழே விரித்த காற்று மெத்தையில் குதித்தவர்கள், மெத்தை புரண்டுவிட்டது. பல அறைகளில் இறங்கு கருவி இல்லை என்று விசாரணையில் தெரியவந்தது. அதே தளத்தில் ஒரு இளம்பெண் குளியலறைக்குள் போய், கதவிடுக்கைத் துண்டால் அடைத்து, ஷவரைத் திறந்துவிட்டு உயிர் பிழைத்தார். குளியலறையை நம்பிப் போ என்று இதிலிருந்து சொல்ல மாட்டேன். ஜன்னல் இல்லாத குளியலறையில் வெளியே இருப்பவர்களுக்கு நீ இருப்பதே தெரியாது. ஆனால் அடைத்த கதவு ஒன்று அந்தப் பெண்ணுக்கும் புகைக்கும் நடுவில் நின்றது என்பதை மட்டும் அவன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

கடைசியாக, கதவோரத்தில் சுவரில் மாட்டியிருந்த டார்ச் விளக்கை எடுக்கச் சொன்னேன். கொரிய ஹோட்டல் அறைகளில் இது இருக்கும். தாங்கியிலிருந்து உருவினாலே தானாக எரிய வேண்டும், பொத்தான் கிடையாது. உருவினான், எரியவில்லை. பேட்டரி செத்திருந்தது. ரிசப்ஷனில் சொன்னதும் புதுசு கொண்டுவந்து வைத்தார்கள். இவ்வளவும் முடிய அவனுக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது.

அவன் அறை மாற்றிக் கேட்டுப் பார்க்கவா என்றான். கேள் என்றேன். மூட்டை திரும்பி வந்துவிட்ட மறுநாள் மாலை அவன் கேட்டபோது கீழ்த்தளம் ஒன்றில் இடம் கிடைத்தது. அங்கே லிஃப்டில் நான்காம் எண் இருக்காது; மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் 'எஃப்' என்ற எழுத்து இருக்கும். கொரிய மொழியில் நான்குக்கும் சாவுக்கும் ஒரே உச்சரிப்பு என்பதால் அந்த எண்ணைத் தவிர்க்கிறார்கள். அந்தத் தளத்தில்தான் புது அறை. 119-க்குச் சொல்ல நேர்ந்தால் எழுத்தைச் சொல்லாதே, கதவில் உள்ள எண்ணைச் சொல் என்று எழுதி அனுப்பினேன்.

அன்று இரவு மறுபடியும் ஒரு போட்டோ வந்தது. புது அறையின் கதவுக்குப் பின்னால் இருந்த வரைபடம். இந்தத் தடவை அவனே கீழே எழுதியிருந்தான்: "காரிடார் புள்ளிக்கு மேல இருக்கு மாமா. திருப்ப வேண்டியதில்ல. ரெண்டு படிக்கட்டுக்கும் நடந்து பாத்துட்டேன், ஒண்ணுக்கு அஞ்சு கதவு, இன்னொண்ணுக்கு ரெண்டு. ரெண்டுமே திறக்குது."